ஏழில் மூன்று

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பாவுக்கு 68 வயது. அவருடைய வைப்புத்தொகை 30,000 வெள்ளி போன மாதம் முதிர்ந்தது. புதுப்பிக்கலாம் என்றால் வட்டி மிகவும் குறைந்திருக்கிறது. என் கைபேசியில் உள்ள முதலீட்டுச் செயலியில் இரண்டு வெளிநாட்டு ஃபண்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவதன் பெயரில் Income Bond என்றும் கடைசியில் A MDis SGD-H என்றும் இருக்கிறது. ரிஸ்க் 7இல் 3, செலவு விகிதம் 1.40%, ஆண்டுக்கு 7.2% மாதாமாதம் கிடைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது உலகப் பங்குக் குறியீட்டு ஃபண்ட், அமெரிக்க டாலரில். ரிஸ்க் 7இல் 4, செலவு 0.30%. மூன்றுக்கும் நான்குக்கும் ஒரு படிதான் வித்தியாசம், அதிலும் குறைந்த படியில்தான் மாத வருமானம் வருகிறது. அப்பா பணத்தை முதலாவதில் போட்டுவிடலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: முழுப் பணத்தையும் போட வேண்டாம், அம்மா. அந்த ஃபண்டை மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதன் திரையில் நீங்கள் படித்த மூன்று விவரங்களும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டு நிற்பதுபோல் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. ரிஸ்க் எண்ணைக் கணக்கிடுபவருக்கு மாதத் தொகை எங்கிருந்து வருகிறது என்ற கவலை இல்லை. செலவு விகிதத்தை எழுதுபவர் நாணயப் பாதுகாப்பின் விலையைச் சேர்ப்பதில்லை. பெயர் சூட்டுபவர் இரண்டையும் பார்ப்பதில்லை. மூன்றும் சந்திக்கும் ஒரே இடம் உங்கள் அப்பாவின் பணப்பைதான்.

முதலில் அந்த எண். ஏழுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவது ஐரோப்பிய வழக்கம். ஃபண்டின் விவரப் பக்கத்தில் ISIN என்ற, எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட அடையாளக் குறி இருக்கும். அது LU என்று தொடங்கினால் ஃபண்ட் லக்ஸம்பர்க்கில் பதிவானது, IE என்றால் அயர்லாந்து, SG என்றால் நம் ஊர். சிங்கப்பூரில் விற்பனையாகும் வெளிநாட்டு ஃபண்டுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு ரகம். அவற்றுக்கான ஐரோப்பிய ஆவணத்தில் உள்ள எண்ணைப் பல செயலிகள் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகின்றன. சில செயலிகள் பத்துக்கு, ஐந்துக்கு என்று சொந்த அளவுகோல் வைத்திருக்கின்றன. உங்களுடையது ஏழுக்கு என்பதால் ஐரோப்பிய எண் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இந்த எண்ணைப் பற்றி எனக்கு ஒரு பெரியவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். 2023இல் உட்லண்ட்ஸ் நூலகத்தில் என்னைச் சந்தித்தபோது, பிளாஸ்டிக் கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே உலகப் பங்கு ஃபண்டைப் பற்றியவை. 2022இல் அச்சிட்ட தாளில் ரிஸ்க் 6. 2023இல் அச்சிட்டதில் 4. “தம்பி, இடையில் ஃபண்ட் திருந்திவிட்டதா?” என்றார்.

ஃபண்ட் திருந்தவில்லை, அளவுகோல்தான் மாறியது. 2022 டிசம்பர் வரை ஐரோப்பிய ஃபண்டுகளுக்கு ஓர் ஏழு படி அளவுகோல் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் வேறோர் ஏழு படி அளவுகோல் வந்தது. இரண்டுமே ஃபண்டின் மதிப்பு கடந்த காலத்தில் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, அதைப் படிகளில் பொருத்துகின்றன. கணக்கிடும் முறையும் கொஞ்சம் மாறியது. ஆனால் பெரிய மாற்றம் படிகளின் உயரத்தில். பழையதில் 5 முதல் 10 விழுக்காடு வரை நான்காம் படி, 15 முதல் 25 வரை ஆறாம் படி. புதியதில் 5 முதல் 12 வரை மூன்றாம் படி, 12 முதல் 20 வரை நான்காம் படி. ஏழாம் படிக்குப் போக 80 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். சாதாரண ஃபண்ட் எதுவும் அந்த உயரத்தைப் பார்ப்பதில்லை. அதனால் மொத்தக் கூட்டமும் கீழ்ப்படிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

உங்கள் இரண்டு ஃபண்டுகளையும் இதில் நிறுத்திப் பாருங்கள். வருமானக் கடன்பத்திர ஃபண்டின் ஏற்ற இறக்கம் 7 விழுக்காடு, உலகப் பங்கு ஃபண்டுடையது 16 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அந்தந்த ரகத்துக்கு இயல்பான அளவுகள்தான். பழைய அளவுகோலில் இவை 4, 6. நடுவே இரண்டு படிகள். புதியதில் 3, 4. ஒரே படி. ஏற்ற இறக்கமோ இரண்டு மடங்குக்கும் மேல். நீங்கள் “ஒரு படிதான்” என்று எழுதிய வித்தியாசம் இதுதான். படிக்குள்ளேயும் இதே கதை. 5.2 விழுக்காடு ஆடும் ஃபண்டும் 11.8 விழுக்காடு ஆடும் ஃபண்டும் ஒரே மூன்றில் இருக்கும். 11.8இல் உள்ளதும் 12.2இல் உள்ளதும் வேறு வேறு படிகளில் இருக்கும், ஆனால் அவற்றைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. மூன்று என்றால் எந்த மூன்று என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை.

இன்னொன்று, அது எவ்வளவு காலத்தைப் பார்க்கிறது என்பது. பெரும்பாலும் கடைசி ஐந்து ஆண்டுகள். 2020 மார்ச்சில் கொவிட் பரவியபோது, தரம் குறைந்த நிறுவனங்களின் கடன்பத்திரங்கள் சில வாரங்களில் எப்படி விழுந்தன என்பது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. 2025 ஏப்ரலுக்குப் பிறகு அந்த மாதம் ஐந்தாண்டுக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. 2022இல் உலகெங்கும் வட்டி ஏறியபோது, உலகக் கடன்பத்திரங்களின் பரந்த குறியீடு அமெரிக்க டாலர் கணக்கில் ஏறத்தாழ 16 விழுக்காடு சரிந்தது. அதுவும் 2027 முடிந்ததும் உதிர்ந்துவிடும். அப்போது பல கடன்பத்திர ஃபண்டுகளின் எண் இறங்கினால் வியப்பில்லை. உள்ளே இருக்கும் சரக்கு மாறியிருக்காது, கெட்ட ஆண்டு மட்டும் கண்ணிலிருந்து மறைந்திருக்கும்.

இனிச் செலவு விகிதம். 30,000 வெள்ளியில் 1.40 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 420 வெள்ளி, மாதத்துக்கு 35. இதற்கு ரசீது வராது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்ட பிறகுதான் யூனிட் விலையை அறிவிக்கிறார்கள். மேலாளர் கட்டணம், காப்பாளர் கட்டணம், தணிக்கை, நிர்வாகம் எல்லாம் இதில் அடக்கம். மேலாளர் கட்டணத்தின் ஒரு பகுதி, விற்ற செயலிக்கே ஆண்டுதோறும் போய்ச் சேரும் ஏற்பாடும் பரவலாக உண்டு. பெயரில் A என்று வரும் சாதாரண வாடிக்கையாளர் பிரிவில் செலவு கூடுதலாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பங்கைத் திருப்பித் தருகிறீர்களா என்று உங்கள் செயலியிடம் எழுத்தில் கேளுங்கள். சில செயலிகள் தருகின்றன. கேட்பவருக்கு மட்டும் பதில் சொல்லும் செயலிகளும் இருக்கின்றன.

இதில் அடங்காதவைதான் அப்பாவின் கணக்கில் பெரிய ஓட்டை. ஃபண்ட் தன் பத்திரங்களை வாங்கி விற்கும் செலவு இதில் சேராது. செயலியின் சொந்தக் கட்டணமும் சேராது. பெயரின் கடைசியில் இருக்கும் H என்ற ஓர் எழுத்தின் விலையும் சேராது. அந்த எழுத்தைச் சற்று நின்று பார்ப்போம்.

SGD-H என்றால், உள்ளே அமெரிக்க டாலர் பத்திரங்கள் இருந்தாலும், டாலர் இறங்கினால் உங்கள் வெள்ளிக் கணக்கு அடிபடாதபடி முன்பேர ஒப்பந்தங்கள் மூலம் பாதுகாப்புச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். 2025இன் முதல் பாதியில் மட்டும் நம் வெள்ளிக்கு எதிராக அமெரிக்க டாலர் ஏறத்தாழ 7 விழுக்காடு இறங்கியது. பாதுகாப்பு இல்லாதவர்கள் அதை அப்படியே தாங்கினார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. அது ஏறக்குறைய இரண்டு நாடுகளின் குறுகியகால வட்டி வித்தியாசம். அமெரிக்காவில் 4 விழுக்காடு, இங்கே 2 விழுக்காடு என்றால், ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு பாதுகாப்புக்கே போய்விடும். இது கட்டணம் என்ற பெயரில் எங்கும் வராது, முதலீட்டு லாப நட்டத்தோடு கலந்துவிடும். ஆகவே 1.40 என்ற எண் பொய்யில்லை. அது பாதிச் செலவைத்தான் சொல்கிறது.

இப்போது 7.2 விழுக்காட்டுக்கு வருவோம். உங்களை இழுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். MDis என்றால் மாதாமாதம் பணம் பிரித்துத் தரும் பிரிவு. பிரித்துத் தருவது வேறு, சம்பாதிப்பது வேறு. ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு தருகிறோம் என்று மேலாளர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். பத்திரங்களின் வட்டி போதவில்லை என்றால் நீங்கள் போட்ட முதலிலிருந்தே எடுத்துத் தர இவ்வகை ஃபண்டுகள் பெரும்பாலானவற்றின் விதியில் இடம் உண்டு.

எண்களை எடுத்துக்காட்டுக்காகவே வைக்கிறேன், உங்கள் ஃபண்டின் எண்களை நீங்கள் பிறகு பொருத்திக்கொள்ளலாம். யூனிட் விலை 10 வெள்ளி, அப்பாவுக்கு 3,000 யூனிட்டுகள். உள்ளே இருக்கும் பத்திரங்கள் ஆண்டுக்கு 6.5 விழுக்காடு ஈட்டுகின்றன. அதில் செலவு விகிதம் 1.4, நாணயப் பாதுகாப்பு 2 போக, மிச்சம் 3.1 விழுக்காடு. யூனிட்டுக்கு 31 காசு. ஆனால் யூனிட்டுக்கு ஆண்டுக்கு 72 காசு வெளியே போகிறது. வித்தியாசம் 41 காசு முதலிலிருந்து வருகிறது. சந்தை ஒரு நாள்கூடக் கெடாமல், ஒரு நிறுவனம்கூடக் கடனைத் திருப்பித் தரத் தவறாமல் இருந்தாலும், ஓராண்டு முடிவில் யூனிட் விலை 9.59 வெள்ளி. அதே தொகையைத் தொடர்ந்து தந்துகொண்டே போனால், முதல் கரையக் கரைய ஈட்டுவதும் குறைவதால், ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 7.82 வெள்ளி. அப்பா கையில் மாதம் 180 வீதம் 10,800 வெள்ளி வந்திருக்கும். கணக்கில் சுமார் 23,450 வெள்ளி மிஞ்சியிருக்கும். மொத்தத்தில் ஐந்தாண்டில் அவர் ஈட்டியது 4,250 வெள்ளி. மற்ற 6,550 வெள்ளி அவருடைய சொந்தப் பணம்தான், மாதாமாதம் அவருக்கே திரும்ப வந்தது.

இந்தக் கரைதல் ரிஸ்க் எண்ணில் தெரியாது. அந்த எண்ணைப் போடும்போது பிரித்துத் தந்த பணத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் ஃபண்ட் ஆண்டுக்கு 3.1 விழுக்காடு அமைதியாக வளர்ந்ததாகத்தான் வரும். அமைதியாக இருந்தால் எண் குறையும். கரையும் முதலும் குறைந்த ரிஸ்க்கும் ஒரே திரையில் முரண்பாடில்லாமல் நிற்பது இப்படித்தான்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆலோசகன் என்று பெயர்ப் பலகை மாட்டுவதற்கு முன், என் தாயாருக்காக இதே ரகத்தில் ஒரு ஃபண்ட் வாங்கினேன். மாதாமாதம் பணம் வந்ததும் அவர் மகிழ்ச்சியாகப் பேரப் பிள்ளைகளுக்குச் செலவழித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் மாற்றுவதற்காக விற்கப் போனபோதுதான் யூனிட் விலையைப் பார்த்தோம். “வட்டியைத்தானே நான் செலவு செய்தேன்?” என்று கேட்டார். வீட்டில் அன்று எனக்குப் பதில் இல்லை.

ஃபண்ட் வகைப் பெயரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பெயரில் வரும் Income என்ற சொல் பணம் பிரித்துத் தரும் நோக்கத்தைச் சொல்கிறது, Bond என்பது பொருளைச் சொல்கிறது. யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. மாதாந்தரத் தகவல் தாளில் கடன் தரப் பட்டியல் ஒன்று இருக்கும். BBB வரையிலான பகுதி முதலீட்டுத் தரம், BB முதல் கீழே வருவது தரம் குறைந்தது. 7.2 தர முயலும் ஃபண்டில் இந்தக் கீழ்ப்பகுதி பாதிக்கு மேல் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அது பாதியானால், சந்தை பதறும் நாள்களில் அந்த ஃபண்ட் கடன்பத்திரம்போல் நடந்துகொள்வதைவிடப் பங்குபோல் நடந்துகொள்ளும்.

அந்தப் பக்கத்தில் SIP என்ற முத்திரையும் இருக்கலாம். தமிழ்நாட்டில் உறவினர்கள் இருந்தால் உங்களுக்கு உடனே மாதச் சேமிப்புத் திட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்த மூன்றெழுத்துக்குப் பொருள் வேறு. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, அமைப்பு சிக்கலானது என்று வகைப்படுத்திய முதலீடு அது. வாங்குவதற்கு முன் உங்கள் படிப்பு, வேலை, முதலீட்டு அனுபவம் பற்றிக் கேட்பார்கள். அதுவும் ரிஸ்க் அளவு இல்லை. முழுக்க நல்ல தரமான பத்திரங்களை வைத்திருக்கும் ஃபண்டும், விதியில் சில ஒப்பந்தங்களை அனுமதித்திருந்தால் இந்த முத்திரையைப் பெறும்.

சரி, இன்று மாலை என்ன செய்வது? செயலியில் அந்த ஃபண்டின் ஆவணங்கள் பகுதியைத் திறந்து Product Highlights Sheet என்ற தாளை எடுங்கள். நம் நாணய ஆணையம் கட்டாயமாக்கிய சுருக்கத் தாள் அது, சில பக்கங்கள்தான் இருக்கும். அதில் out of capital என்ற சொற்களைத் தேடுங்கள். முதலிலிருந்து பிரித்துத் தரலாம் என்ற அனுமதி அந்த வரியில்தான் இருக்கும். அதன் பிறகு விலை வரைபடத்துக்கு வாருங்கள். செயலிகள் வழக்கமாகப் பிரித்துத் தந்த பணத்தையும் சேர்த்த கோட்டைத்தான் முதலில் காட்டும். யூனிட் விலையை மட்டும் காட்டும் கோட்டுக்கு மாற்றி, ஐந்தாண்டுக்கு இழுத்துப் பாருங்கள். சறுக்குப் பலகைபோல் ஒரே சீராக இறங்கினால், மேலே நான் போட்ட கணக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றில் எந்த மூன்று என்பதற்கும் ஒரு வழி உண்டு. ISIN குறியை ஃபண்ட் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுத் தேடினால், Key Information Document என்ற ஐரோப்பிய ஆவணம் பல நேரங்களில் கிடைக்கும். அதில் 10,000 போட்டால் நெருக்கடியான ஓராண்டில் எவ்வளவு மிஞ்சலாம் என்று தொகையாகவே ஓர் அட்டவணை இருக்கும். Stress என்ற வரியைப் பாருங்கள். அது வருங்காலத்தைச் சொல்லும் கணிப்பு இல்லை. இருந்தாலும் 7இல் 3 என்பதைவிட அப்பாவுக்கு நன்றாகப் புரியும். அந்த வரியில் வரும் தொகையை மூன்றால் பெருக்கி அவரிடம் காட்டுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதுதான் இந்தக் கணக்கில் எனக்கு வேண்டிய எண்.

உலகப் பங்குக் குறியீட்டு ஃபண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, சரக்கு தெளிவு. ஆனால் அந்த நான்கு என்ற எண் அமெரிக்க டாலரில் கணக்கிட்டது. நீங்கள் வெள்ளியில் வாழ்கிறீர்கள். டாலர் சரிந்தால் வரும் நட்டம் அந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறது, ஐரோப்பிய ஆவணமும் அதை எச்சரிக்கையாகவே எழுதி வைக்கிறது. பத்தாண்டு தொடாமல் இருக்கக்கூடிய உங்கள் சொந்தச் சேமிப்புக்கு அது பொருந்தலாம். 68 வயதில் மாதப் பணம் எதிர்பார்ப்பவருக்குப் பொருந்தாது.

அப்பாவின் 30,000 வெள்ளியில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தேவைப்படக்கூடியதைத் தனியே எடுத்து, சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதமின்றித் திருப்பித் தரலாம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 2 வெள்ளிதான் கட்டணம். வட்டி குறைவு என்று அவர் முகம் சுளிக்கலாம். ஆனால் வைப்புத்தொகைக்கு இருந்த காப்புறுதி எந்த ஃபண்டுக்கும் கிடையாது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். மிச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் கடன்பத்திர ஃபண்டில் போட அவர் விரும்பினால், பணம் பிரித்துத் தராத பிரிவை, அதாவது பெயரில் Acc என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். செலவுக்குத் தேவைப்படும் மாதத்தில் தேவையான யூனிட்டுகளை மட்டும் விற்கட்டும். விற்கும் ஒவ்வொரு முறையும், தன் முதல் எவ்வளவு குறைகிறது என்பது அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்.